வலியில்லாத இமைக்கட்டி, ஒரே இடத்தில் திரும்பி வரும் இமைக்கட்டி

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் இடது கண்ணின் மேல் இமை சிவந்து வீங்கி, தொட்டாலே வலித்தது. சில நாட்களில் வலியும் சிவப்பும் குறைந்துவிட்டன. ஆனால் இமையின் நடுவில் பட்டாணி அளவில் ஒரு கட்டி அப்படியே நிற்கிறது. வலி துளியும் இல்லை. முன்பு வேறொரு தொல்லைக்கு வாங்கி மீதமிருந்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். தினமும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கிறேன். எதற்கும் அசையவில்லை. இது கண்கட்டிதானா? அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்குமா? என் அம்மாவுக்கு 64 வயது. அவருக்கும் ஓராண்டாக வலது மேல் இமையில், அதே இடத்தில், இப்படி வந்துகொண்டிருக்கிறது. இரண்டு முறை கீறி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. அந்த இடத்தில் இமைமுடிகூடக் கொட்டிவிட்டது. இது பரம்பரையாக வருவதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அம்மாவைப் பற்றி. உங்கள் கட்டி சில வாரங்கள் பொறுக்கும்; அவருடையது பொறுக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இமை அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது, “இதிலிருந்து சதையை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா?” என்பதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் இமைக்குள் உறுதியான தகடு போன்ற ஒரு பகுதி உண்டு. அதற்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் நிற்கின்றன. மீபோமியன் சுரப்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். மேல் இமையில் முப்பதுக்கு முன்பின்னாகவும், கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் சட்டென்று உலர்ந்துபோகாமல் காக்கிறது. இந்தச் சுரப்பிகளில் ஒன்றின் வாய் அடைபட்டால் வருவது சாதாரணக் கட்டி. மிக அரிதாக, இதே சுரப்பியில் புற்றுநோயும் தொடங்கலாம். தொடக்கத்தில் அது பார்ப்பதற்கு அப்படியே சாதாரணக் கட்டிபோலத்தான் இருக்கும். வலிக்காது, மெதுவாக வளரும். அதனால்தான் பல மாதங்கள் கண்கட்டி என்றே வைத்தியம் நடந்துவிடுகிறது. ஆசிய மக்களிடையே இமையில் வரும் புற்றுநோய்களில் இந்த வகையின் பங்கு மற்ற இடங்களைவிட அதிகம். வயதானவர்களுக்கு வருகிறது, சுரப்பிகள் அதிகம் என்பதால் மேல் இமையில் கூடுதலாக வருகிறது.

உங்கள் அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வரும் கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் அடைப்புதான். ஆனால் அதே இடத்தில் மறுபடி வருவது, கீறி எடுத்த பிறகும் வருவது, அந்த இடத்தில் இமைமுடி உதிர்வது, அறுபதைத் தாண்டிய வயது என்று நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது, கண்ணால் பார்த்து மட்டும் எந்த மருத்துவரும் “ஒன்றுமில்லை” என்று அனுப்பக் கூடாது. இமைமுடி உதிர்ந்ததை நீங்கள் கவனித்து எழுதியது எனக்கு மிகவும் உதவியது. சாதாரணக் கட்டி முடியைத் தள்ளி வளைக்கலாம். வேரோடு அழிப்பது அரிது. இமை விளிம்பு தடித்திருக்கிறதா, கட்டியின் மேல் மஞ்சள் சாயல் இருக்கிறதா, காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழோ நெறி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

முந்தைய இரண்டு முறையும் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையையும், கிடைத்தால் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் சதையைப் பதித்துவைத்த கண்ணாடித் தகடுகளையும் வாங்கிச் செல்லுங்கள். அவற்றை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் மறுபடி பார்க்க முடியும். அனுப்பவில்லை என்றால் முன்பு சிகிச்சை செய்தவரைக் குறை சொல்ல அவசியமில்லை. முதல் முறை வரும் கட்டியை அனுப்பாமல் விடுவது பல இடங்களில் நடப்பதுதான். இரண்டாம் முறை வந்ததைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயாப்ஸிக்கு அனுப்பும் தாளில், ஒரே இடத்தில் திரும்பி வந்தது என்றும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் நுண்ணோக்கியில் பார்ப்பவர் அதற்குரிய விதத்தில் பார்ப்பார். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இமையின் அந்தப் பகுதியை மட்டும் முழுமையாக அகற்றிச் சீரமைத்துவிட முடியும். தாமதமானால் நெறிகளுக்குப் பரவ இடமுண்டு.

பரம்பரையா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: கட்டி பரம்பரையாக வருவதில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த சருமம், இமை விளிம்பில் பொடுகுபோல் செதில் சேரும் இயல்பு போன்றவை ஒரே குடும்பத்தில் பலருக்கு இருக்கலாம். அந்த அளவில்தான் தொடர்பு. இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன். சாதாரணக் கட்டி நாளடைவில் புற்றுநோயாக மாறிவிடாது. அம்மாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு உங்கள் கட்டியை நினைத்து நீங்கள் கலங்கக் கூடாது.

இனி உங்கள் கட்டி. முதல் சில நாட்களில் உங்களுக்கு இருந்தது கிருமித் தொற்று. இமைமுடியின் வேரிலுள்ள சிறு சுரப்பியில் தொற்று ஏற்பட்டால் இமை விளிம்பில் முடியை ஒட்டி மஞ்சள் முனையோடு சிறு கொப்புளம் எழும்பும். நாம் எல்லோரும் கண்கட்டி என்று சொல்வது அதைத்தான். வலி அதிகம், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே உடைந்து ஆறிவிடும். உங்களுக்கோ தொற்று இமைக்குள்ளே மீபோமியன் சுரப்பியில் நடந்திருக்கிறது. கிருமியை உடல் அடக்கிவிட்டது. அதனால் வலி போயிற்று. ஆனால் அடைபட்ட சுரப்பியிலிருந்து கசிந்த எண்ணெய் சுற்றியுள்ள சதையில் தேங்கிவிட்டது. அந்த எண்ணெயை அந்நியப் பொருளாக எண்ணி உடல் அதைச் சுற்றி ஒரு முடிச்சைக் கட்டிவிடுகிறது. இதற்குக் கலேசியன் என்று பெயர். தொற்றே இல்லாமல், ஒருநாளும் வலிக்காமல் நேரடியாகக் கலேசியனாகவே தொடங்குவதும் உண்டு.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணை மூடி, கட்டியின் மேல் விரல் நுனியை வைத்துத் தோலை மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். கலேசியன் என்றால் தோல் தாராளமாக நகரும், உருண்டை அடியில் அசையாமல் நிற்கும். கட்டி இருப்பது தோலில் அல்ல, அதற்கு அடியிலுள்ள தகட்டில். கண்கட்டி என்றால் இப்படித் தொடவே விடாது. அவ்வளவு வலிக்கும், இடமும் விளிம்பில்தான் இருக்கும்.

மீதமிருந்த சொட்டு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கொல்வதற்கு அங்கே கிருமி இல்லை. சொல்லப்போனால் தொற்று இருந்த நாட்களில்கூடச் சொட்டு மருந்தால் இமைக்குள் இருக்கும் சுரப்பிக்குள் போதுமான அளவு போய்ச் சேர முடியாது. அந்தக் குப்பியை இன்றே தூக்கிப் போடுங்கள். சொட்டு மருந்துக் குப்பிகளைத் திறந்தபின் சுமார் நான்கு வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதற்குமேல் குப்பிக்குள்ளேயே கிருமி வளரலாம். தூக்கிப் போடும் முன் லேபிளைப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அதை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் விட்டால் கண் அழுத்தம் உயரலாம். கருவிழியில் ஹெர்பீஸ் தொற்று இருந்தால் அது பரவவும் செய்யும். அப்படிப்பட்ட மருந்தை நீங்கள் விட்டிருந்தால் அடுத்த முறை கண் மருத்துவரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

ஒத்தடத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டிக்கு வீட்டிலேயே கொடுக்கக்கூடிய உண்மையான மருந்து இது ஒன்றுதான். தினமும் கொடுத்தும் பலனில்லை என்று எழுதும் பலரிடம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று விசாரித்தால், வெந்நீரில் துணியை நனைத்துக் கண்ணில் வைத்து, ஆறியதும் எடுத்துவிட்டேன் என்பார்கள். நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். சுரப்பியில் சிக்கியிருக்கும் எண்ணெய் மெழுகுபோல இறுகிப் போயிருக்கிறது. அது இளக வேண்டுமானால் இமையின் உள்பகுதி உடல் வெப்பத்தைவிடச் சற்று அதிகமான சூட்டில் சில நிமிடங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டு நிமிடச் சூடு தோலோடு நின்றுவிடும்.

எனவே இரண்டு சுத்தமான சிறு துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸுக்கு அருகில், இதமான சூட்டில் இருக்கட்டும். வெப்பமானி இல்லாவிட்டால் மணிக்கட்டின் உள்புறத்தில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிய வேண்டும், கையை இழுக்கத் தோன்றக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணியைப் பிழிந்து இமையின் மேல் வையுங்கள். அது ஆறத் தொடங்கும்போது அடுத்த துணி தயாராக இருக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றிப் பத்து நிமிடம். தண்ணீர் ஆறினால் சூடான தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதிகச் சூடு சீக்கிரம் பலன் தராது, கொப்புளம்தான் தரும். நுண்ணலை அடுப்பில் துணியைச் சூடாக்குவதும் வேண்டாம், சூடு ஒரே சீராக ஏறாது. ஒத்தடம் கொடுத்து முடித்தவுடன் கண்ணை அழுத்தித் தேய்க்காதீர்கள். சிறிது நேரம் பார்வை மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தானே தெளிந்துவிடும்.

ஒத்தடம் முடிந்த கையோடு, இமை சூடாக இருக்கும்போதே, நீவிவிட வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு மேல் இமை என்பதால் விரலின் தசைப்பகுதியால் கட்டிக்கு மேலிருந்து இமைமுடியை நோக்கிக் கீழ்முகமாக நீவுங்கள். சுரப்பியின் வாய் இமை விளிம்பில்தான் திறக்கிறது. எண்ணெய் அந்தப் பக்கம்தான் வெளியேற முடியும். கீழ் இமையில் கட்டி இருப்பவர்கள் மேல்முகமாக நீவ வேண்டும். பத்துத் தடவை போதும். அழுத்தம் இமைக்கு மட்டும்தான், கண்விழிக்கு அல்ல. அதன்பின் ஈரப் பஞ்சால் இமைமுடி வேரை ஒட்டித் துடைத்துவிடுங்கள். அங்கே செதில் சேர்ந்திருந்தால், குழந்தைகளுக்கான ஷாம்பூவின் ஒரு துளியை நிறையத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள். செதில் சேராமல் பார்த்துக்கொண்டால் அடுத்த சுரப்பி அடைபடும் வாய்ப்பும் குறையும். கட்டி கரைந்த பிறகும் நாளுக்கு ஒருமுறை இதைத் தொடர்வது நல்லது.

வலி இருக்கும் கண்கட்டிக்கு ஒத்தடம் மட்டும் கொடுத்தால் போதும்; நீவக் கூடாது. எந்தக் கட்டியையும் பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைவிட உள்ளே பரவுவதுதான் அதிகம். கட்டி மறையும்வரை கான்டாக்ட் லென்ஸும் கண் மையும் வேண்டாம். முகம் துடைக்கத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கென்று தயாரிக்கப்படாத எந்தத் திரவத்தையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

இப்படி ஒழுங்காகச் செய்தால் மூன்றாவது வாரத்துக்குள் கட்டி மென்மையாவதும் சிறுத்துவருவதும் தெரியும். அன்றாடம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றம் புலப்படாது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், கண்ணை மூடிய நிலையில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை நேரம் கொடுங்கள். அதற்குள் சிறுக்கத் தொடங்கிவிட்டால் முழுவதும் கரைய மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருக்கலாம். ஆறு வாரமாகியும் அளவில் மாற்றமே இல்லை என்றாலோ, கட்டி விழியை அழுத்திப் பார்வை மங்குகிறது என்றாலோ கண் மருத்துவரைப் பாருங்கள். மேல் இமையின் நடுவிலிருக்கும் கட்டி கருவிழியின் வளைவையே சற்று மாற்றி, பார்வையைக் கோணலாக்கிவிட முடியும். பெரியவர்களுக்குக் கட்டி போனதும் அது சரியாகிவிடும். சிறு குழந்தைகளுக்கு நிலைமை வேறு. பார்வை வளரும் வயதில் பெரிய கட்டி நீண்ட நாள் இருந்தால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடலாம். ஆகவே குழந்தைகளின் கட்டியை ஆறு வாரம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

அறுவை சிகிச்சை என்று நீங்கள் கேட்டது உண்மையில் சிறிய வேலை. இமையில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். வலி என்றால் அந்த ஊசிக் குத்துதான். பிறகு இமையை ஒரு சிறு கவ்வியில் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தில் சுரப்பி ஓடும் திசையிலேயே செங்குத்தாகக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உள்பக்கம் என்பதால் வெளியே தழும்பு தெரியாது, பெரும்பாலும் தையலும் இல்லை. சில மணி நேரம் கட்டுப் போட்டிருப்பார்கள். முதல் நாள் கண்ணீரில் லேசான ரத்தச் சாயல் வரலாம். இமை சில நாட்கள் கன்றிப் போயிருக்கும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. கீறாமல் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் முறையும் உண்டு. நன்றாகவே பலன் தரும். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப் போகக்கூடும். அது எவ்வளவு காலம் இருக்கும் என்பதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாமே பொறுமையாகச் செய்யக்கூடியவை. பொறுமை காட்டக் கூடாத நிலையும் உண்டு. தொற்றுள்ள கட்டியிலிருந்து கிருமி இமை முழுவதும் பரவினால் சிவப்பும் வீக்கமும் கன்னம்வரை இறங்கும், தொட்டால் சூடாக இருக்கும். அப்படியானால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். தொற்று கண்குழிக்குள்ளேயே போய்விட்டால் அது வேறு விஷயம். கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் பாருங்கள். கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, ஒரு பக்கம் கண் போக மறுத்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கண்விழி முன்னால் தள்ளியிருந்தாலோ, நிறங்கள் மங்கித் தெரிந்தாலோ, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்துகொண்டாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். அந்த நேரத்திலேயே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இது வேகமாகப் பரவும். கட்டியோடு நெற்றியின் ஒரே பக்கத்தில் எரிச்சலும் சிறு சிறு நீர்க்கொப்புளங்களும் தெரிந்தால் அது கண்கட்டியே அல்ல, அக்கியாக இருக்கலாம். அதற்கான மாத்திரையை மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

அன்புடன்,
கண் மருத்துவர்